நீலகிரித் தோட்டப் பகுதி ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு அறைகளில் ஐந்து வகுப்புகளை நடத்திக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். கல்வித் துறைக்கோ தோட்ட நிர்வாகங்களுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. இங்கே கேட்கப்போகும் வேலையை உங்களால் மட்டுமே தொடங்க முடியும்.

ஜூன் முதல் வாரத்தில் உங்கள் பள்ளி வாசலில் என்ன நடக்கும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் நாள் பூவும் மிட்டாயும் கொடுத்து வரவேற்பீர்கள். படம் எடுப்பார்கள். மூன்றாம் நாள் புதுச்சட்டையின் பளபளப்பு குறையும். நான்காம் நாள் ஒரு குழந்தை வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும். இன்னொன்று மதியச் சோற்றுக்குப் பிறகு மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடும். மற்றொன்று காலையிலிருந்து சிறுநீர் கழிக்காமல் அடக்கி வைத்து, இரண்டரை மணிக்கு நனைந்த உடையோடு நிற்கும். இதைப் ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவது நம் வழக்கம். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகியும்விடுகிறது. சரியாகாத குழந்தைகளைப் பற்றியே இந்த மடல்.

அந்தக் குழந்தை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பால்வாடி என்று ஊரில் சொல்லும் அங்கன்வாடியில் அதற்கு ஒரே அறை, ஒரே பாய். இரண்டு வயதுக் குழந்தையும் ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர். சிறுநீர் வந்தால் சேலையை இழுத்தால் போதும், வாய் திறக்கவே வேண்டாம். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தின்படி பாட்டும் கதையும் விளையாட்டுமாகக் காலை போகும். மதியம் சோறும் முட்டையும், அதன்பின் தூக்கம். இடையில் ஒரு கோடை விடுமுறை முடிந்ததும் அதே குழந்தை உங்கள் அறையில் நிற்கிறது. இங்கே தூக்கம் இல்லை. கழிப்பறை கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது, மழையில் நடந்து போக வேண்டும், உள்ளே இருட்டு, கதவின் தாழ்ப்பாள் அதன் கைக்கு எட்டாது. போகலாமா என்று தமிழில் கேட்டுவிட்டுப் போக வேண்டும். சுற்றிலும் தன்னைவிடப் பெரிய பிள்ளைகள்.

வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். ஆகவே ஜூன் மாதத்தில் உங்கள் முன் உட்காருகிறவர்களில் ஒருவருக்கு ஆறு நெருங்கிக்கொண்டிருக்கும், ஒருவருக்கு ஐந்தே நிறைந்திருக்காது. அந்த வயதில் ஓராண்டு வித்தியாசம் என்பது பேச்சிலும், பொத்தான் போடுவதிலும், அடக்கி வைத்திருக்கும் திறனிலும் வெகு தூரம்.

இந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவே அதிகாரபூர்வமாக யாரும் இல்லை. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. நம் மாநிலத்தில் அது சமூக நலத்துறையின் கீழ் வருகிறது. உங்கள் பள்ளி கல்வித் துறையின் கீழ். அங்கே குழந்தையின் எடையும் உயரமும் போஷன் டிராக்கரில் ஏறுகின்றன. இங்கே பெயரும் பிறந்த தேதியும் எமிஸில் ஏறுகின்றன. அந்தக் குழந்தை எதற்கு அழும், எதைச் சொன்னால் அடங்கும், வீட்டில் என்ன மொழி பேசும், யார் வந்து கூட்டிப் போவார்கள் என்பதெல்லாம் இரண்டிலும் கிடையாது. மூன்று ஆண்டுகள் அதைத் தூக்கி வளர்த்த பணியாளருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை.

உங்கள் பள்ளிக்கு எதிரே உள்ள தேயிலை நாற்றங்காலில் இதைவிடக் கவனமாக வேலை நடக்கிறது. பந்தல் நிழலில் வளர்ந்த நாற்றை யாரும் நேராகக் கொண்டுபோய் மலைச்சரிவில் நட்டுவிடுவதில்லை. நிழலை நாலைந்து வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வெயிலுக்குப் பழக்கி, மழை பிடித்த பிறகே நடுகிறார்கள். அவசரப்பட்டால் இலை கருகும், செடி போகும், கணக்கில் நட்டம் தெரியும். குழந்தை கருகினால் எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை. அது வருகைப் பதிவில் விட்டுவிட்டு வரும் ஒரு பெயராக இருக்கும், அவ்வளவுதான்.

இப்படி நடக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 2011இல் தொடங்கி அசாம், ராஜஸ்தான், தெலங்கானா ஆகிய மூன்று மாநிலங்களில் நான்கு வயதுக் குழந்தைகளை எட்டு வயது வரை தொடர்ந்து பார்த்த ஓர் இந்திய ஆய்வு, 2017இல் அறிக்கையாக வந்தது. அசர் மையமும் தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகமும் நடத்தியது. பால்வாடி முடித்து ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போகும் பாதையில் பல குழந்தைகள் போகவில்லை என்று அது காட்டியது. பள்ளியில் சேர்ந்த குழந்தை திரும்பவும் பால்வாடியில் உட்கார்ந்திருந்தது. சில குழந்தைகள் அங்கும் இங்குமாக அலைந்தன. உங்கள் பகுதியிலும் ஜூலை மாதம் பால்வாடியை எட்டிப் பாருங்கள். உங்கள் பதிவேட்டில் பெயர் உள்ள ஒரு குழந்தை அங்கே பாயில் உட்கார்ந்து உருண்டை பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

எது உதவுகிறது என்பதற்கும் ஒரு சான்று. அமெரிக்காவில் ஜெனிஃபர் லோகேசேல்-க்ரவுச் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி தொடங்கும் முன் செய்யப்படும் பல வகை ஏற்பாடுகளை ஒப்பிட்டார்கள். வகுப்பறையைக் காட்டுவது, பெற்றோரைச் சந்திப்பது, கடிதம் அனுப்புவது எனப் பல. குழந்தைகள் புது வகுப்பில் நன்றாகப் பொருந்துவதோடு மிகச் சீராகத் தொடர்பு காட்டியது ஒன்றுதான்: முன்பருவ ஆசிரியரும் பள்ளி ஆசிரியரும் பாடத்தைப் பற்றியும் குறிப்பிட்ட குழந்தைகளைப் பற்றியும் பேசிக்கொள்வது. ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. தொடர்பு என்பது காரணம் என்று ஆகிவிடாது, உண்மை. ஆனாலும் ஒரு தேநீர் குடிக்கும் நேரப் பேச்சுக்கு இவ்வளவு பலன் இருக்கக்கூடும் என்றால், அதைச் செய்து பார்ப்பதில் நமக்கு என்ன இழப்பு?

இனி நம் மலைக்கு வருவோம். ஒரு குழந்தையை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பந்தலூர் பக்கத்தில் அவளைப் போல் பலர் இருக்கிறார்கள். பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். வீட்டில் பேசுவது சாத்ரி, கொஞ்சம் இந்தி. அவள் பால்வாடிக்கு இரண்டு ஆண்டு போனாள். தமிழ்ப் பாட்டெல்லாம் பாடுவாள், கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். அண்ணன் உங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. காலை ஏழரை மணிக்கெல்லாம் அம்மா பிரட்டுக்குப் போய்விடுவார். திரும்ப மாலை ஐந்தாகும். இவளை ஒன்றாம் வகுப்புக்கு எப்படிக் கொண்டுவருவது?

படிப்படியாகப் பழக்குவது என்றால் நகரத்துப் பள்ளிகள் ஒரு வழி சொல்லும். முதல் வாரம் இரண்டு மணி நேரம், அடுத்த வாரம் அரை நாள், பிறகு முழு நாள். வீட்டில் பாட்டியோ அம்மாவோ இருக்கும் குழந்தைக்கு அது சரி. தோட்டத்துக் குழந்தைக்கு அது ஆபத்து. பன்னிரண்டு மணிக்கு அனுப்பினால் லைன் வீட்டில் யார் இருக்கிறார்கள்? வழியில் யானை, கரடி, சிறுத்தை. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே மேங்கோ ரேஞ்ச் தோட்டத்தில், அங்கன்வாடியிலிருந்து தாயோடு வீடு திரும்பிய மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றதை நீங்கள் மறந்திருக்க முடியாது. அதுவும் ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளியின் குழந்தை. தாய் உடன் இருந்தபோதே நடந்தது அது. ஆகவே அரை நாள் என்ற பேச்சே இங்கு வேண்டாம். நாள் முழுவதும் அவள் உங்களிடம்தான் இருக்க வேண்டும். நாளுக்கு உள்ளே இருப்பதைத்தான் படிப்படியாக மாற்ற வேண்டும். பணியும் ஏப்ரலிலேயே தொடங்க வேண்டும்.

ஏப்ரலில் அவள் உங்கள் பள்ளிக்கு மூன்று முறை வரட்டும். பால்வாடிப் பணியாளரே ஐந்தாறு குழந்தைகளையும் கூட்டி வருவார். முதல் முறை பாட்டு நேரத்தில் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். எழுதச் சொல்லாதீர்கள், பெயர் கேட்காதீர்கள். இரண்டாம் முறை மதியச் சாப்பாட்டு நேரம். தட்டை எடுப்பது, வரிசையில் நிற்பது, குழாயில் கை கழுவுவது, தட்டைக் கழுவி வைப்பது. மூன்றாம் முறை கழிப்பறைக்காக மட்டும். கதவை எப்படிச் சாத்துவது, தாழ்ப்பாள் எட்டாவிட்டால் வெளியே யார் நிற்பார்கள், வாளியில் தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று ஒவ்வொரு குழந்தையும் ஒரு முறை செய்து பார்க்கட்டும். இது சின்ன வேலையாகத் தோன்றும். ஜூன் மாதம் நனைந்த உடையோடு நிற்கும் குழந்தை, பெரும்பாலும் கழிப்பறைக் கதவுக்குப் பயந்த குழந்தைதான்.

அந்த மூன்று வருகையிலும் அதே லைனில் குடியிருக்கும், ஜூனில் இரண்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை ஒருவரை அவளுக்குத் துணையாக விடுங்கள். பல பள்ளிகளில் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை என்பதால் அந்தத் துணை ஜூனிலும் பக்கத்திலேயே இருக்கும். அண்ணனை விடலாமே என்று தோன்றும். காலையும் மாலையும் கூட்டி வர, கூட்டிப் போக அண்ணன் சரி. வகுப்பில் அவனையே பொறுப்பாக்கினால், அவள் அழும்போதெல்லாம் அவன் பாடத்தை விட்டு எழுந்து வருவான். ஆறே வாரத்தில் அவனுக்கும் பள்ளி கசந்துவிடும். துணைப் பிள்ளை என்பது புது யோசனை அல்ல. இலங்கை மலையகத்திலிருந்து சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி வந்து டான்டீ தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் உங்கள் ஊரில் இருக்கும். இலங்கையில் உறவினர் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். இலங்கைப் பள்ளிகளில் தரம் ஒன்றில் சேரும் பிள்ளைகளைக் கால்கோள் விழாவில் தரம் இரண்டு பிள்ளைகளே வரவேற்று அழைத்துப் போவார்கள். போன ஆண்டு அந்த வாசலைத் தாண்டியவருக்குத்தான் அந்த வாசலின் பயம் நினைவில் இருக்கும் என்பதை அந்தப் பள்ளிகள் புரிந்து வைத்திருக்கின்றன.

மூன்றாம் வருகை முடிந்ததும் பணியாளரோடு, குழந்தைக்குப் பத்து நிமிடம் வீதம், உட்காருங்கள். ஒரு குழந்தைக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். வீட்டு மொழி எது. தண்ணீர், சிறுநீர், வலி, பசி, ‘அம்மா வருவார்’ ஆகிய ஐந்தையும் அவள் மொழியில் எப்படிச் சொல்வது. எதற்குப் பயம், எதனால் சமாதானம் ஆகும். மதியம் எவ்வளவு நேரம் தூங்குவாள். எதைச் சாப்பிட மாட்டாள். யார் கூட்டிப் போவார்கள், அவர் வராவிட்டால் அடுத்து யார். குடும்பத்தில் யாருடைய போனுக்குக் குரல் செய்தி அனுப்பினால் கேட்பார்கள். கடைசியாக, அவளுக்கு நன்றாக வரும் ஒரு விஷயம். இந்தக் கடைசி வரியைத் தவற விடாதீர்கள். பள்ளி திறந்த இரண்டாம் நாள் அவளிடம் கொடுக்க உங்களுக்கு ஒரு வேலை வேண்டியிருக்கும். அவள் பாட்டுப் பாடுவாள் என்று தெரிந்தால், தலையை மட்டும் ஆட்டும் குழந்தையை உங்களால் முதல் வாரத்திலேயே பேச வைத்துவிட முடியும்.

தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்தவளாக இருந்தால் அங்குள்ள ஆயாவையும் கேளுங்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண் தொழிலாளர்கள் உள்ள தோட்டங்களில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று வைத்தது. அந்த ஆறு வயது என்ற வரம்பைக் கவனியுங்கள். ஐந்து வயதில் உங்களிடம் வரும் குழந்தை, காப்பகத்துக்கும் உரியவள்தான். பள்ளியிலிருந்து காப்பகம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தால், முதல் இரண்டு வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆயாவே வந்து அவளை அழைத்துப்போய்த் தூங்க வைக்கலாமா என்று தோட்ட மேலாளரிடம் கேட்கலாம். தூரம் அதிகம் என்றால் கேட்க வேண்டாம். தூக்கத்துக்குப் பள்ளியிலேயே வழி இருக்கிறது.

மே மாத வேலை பால்வாடியினுடையது. உங்கள் பள்ளி மூடியிருக்கும் காலம் அது. பால்வாடியின் விடுமுறை அதைவிடக் குறைவு. ஒன்றரை மணி நேரம் தூங்குகிற குழந்தைகளை நாலைந்து நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாக எழுப்பச் சொல்லுங்கள். வீட்டில் இரவுத் தூக்கத்தை அதே அளவு முன்னதாக வைத்தால்தான் இது நடக்கும். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை ஒரு நாளில் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும். மதியத்தில் குறைப்பதை இரவில் ஈடுகட்டாவிட்டால், ஜூனில் நீங்கள் பார்ப்பது அடம்பிடிக்கும் குழந்தை. உண்மையில் அது தூக்கம் போதாத குழந்தை. காலை ஆறு மணிக்கு எழ வேண்டியவள் இரவு எட்டு மணிக்குள் தூங்க வேண்டும் என்று பணியாளர் அம்மாவிடம் சொல்வார். ஸ்வெட்டரைத் தானே போடவும் கழற்றவும், ஈரச் செருப்பைக் கழற்றி வைக்கவும் இந்த மாதத்தில் பழகட்டும்.

ஜூன். முதல் வாரக் காலை முழுவதும் பால்வாடி மாதிரியே இருக்கட்டும். தரையில் உட்காருவது, அவளுக்குத் தெரிந்த அதே பாட்டுகள், கதை, விளையாட்டு. இது உங்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே போவதாகாது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே பாடலுக்கும் கதைக்கும் வகுப்பறையில் இடம் ஒதுக்கச் சொல்கிறது. தேசிய அளவில் 2021இல் வந்த வித்யா பிரவேஷ் என்ற தொகுப்பு, ஒன்றாம் வகுப்பின் முதல் பன்னிரண்டு வாரத்தையே விளையாட்டு வழித் தயாரிப்புக்குக் கொடுக்கிறது. இங்கே கேட்பது நான்கு வாரம்தான்.

மதியம் ஒரு மணி நேரம் அறையின் மூலையில் பாய் விரியுங்கள். தூங்குகிறவர்கள் தூங்கட்டும், தூங்காதவர்கள் படுத்துக்கொண்டு படப் புத்தகம் பார்க்கட்டும். இரண்டாம் வாரம் அது நாற்பது நிமிடம். மூன்றாம் வாரம் இருபது நிமிடம், கதை கேட்டபடி ஓய்வு. நான்காம் வாரம் பாயைச் சுருட்டிவிடலாம். சிலேட்டு நேரம் எதிர்த்திசையில் போகும். முதல் வாரம் பத்து நிமிடக் கிறுக்கல், அதுவும் மணலிலும் தரையிலும். நான்காம் வாரத்தில் இருபது நிமிடம். பத்தரைக்கும், சாப்பாட்டுக்கு முன்பும், இரண்டரைக்கும் எல்லோரையும் சேர்த்துக் கழிப்பறைக்கு அனுப்புங்கள். கேட்கத் தெரியாத குழந்தை கேட்க வேண்டிய அவசியமே வராது.

கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு சொல் கூடுதலாக. ஜூலை மழையில் நாலைந்து நாள் விடுமுறை விட்டால், திரும்பி வரும் குழந்தை மறுபடி முதல் நாள் குழந்தையாகத்தான் வரும். அன்று ஒரு நாள் மட்டும் இரண்டாம் வார நேர அட்டவணைக்குத் திரும்புங்கள். அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இப்போது வீட்டாரைப் பற்றி. பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை என்ற குறை உங்களுக்கு உண்டு. காலை பதினொரு மணிக் கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால் அந்த அம்மா அன்றைய கூலியை விட வேண்டும். அதுவும் ஜூன் என்றால் கொழுந்து கொட்டிக் கிடக்கும் காலம். மேஸ்திரி விட மாட்டார். வராததை அக்கறை இல்லாததாக எடுத்துக்கொண்டீர்கள் என்றால், அந்த எண்ணம் உங்கள் முகத்தில் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். அப்புறம் அவர் வரவே மாட்டார்.

எங்கே இருக்கிறாரோ அங்கே போய்ப் பேசுங்கள். கொழுந்து எடை போடும் இடத்தில் பத்து அம்மாக்கள் ஒன்றாக நிற்பார்கள். மேலாளரிடம் சொல்லிவைத்து, மே கடைசி வாரத்தில் ஒரு நாள், பள்ளி திறந்து பத்தாம் நாள் ஒரு நாள், கால் மணி நேரம் அங்கே போனால் போதும். முதல் சந்திப்பில் நான்கு செய்திகள்: பள்ளி திறக்கும் நாள், பள்ளி தொடங்கும் முன்பே காலைச் சிற்றுண்டி கிடைக்கும் என்பது, யார் கூட்டி வர வேண்டும், மதியத் தூக்கத்துக்கு என்ன ஏற்பாடு. கேள்விகள் ஒவ்வொன்றாக வரும், பொறுமையாகக் கேளுங்கள். இரண்டாம் சந்திப்பில் ஒவ்வொரு அம்மாவிடமும் அவர் குழந்தை செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து வரும் முதல் செய்தி புகாராக இருக்கக் கூடாது. பாட்டுப் பாடினாள், தட்டைத் தானே கழுவினாள் என்று இருக்கட்டும்.

இடையில் போன். நீண்ட சுற்றறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் கோடுகள். இருபது நொடிக் குரல் செய்தி அனுப்புங்கள். இந்தியோ சாத்ரியோ தெரிந்த ஒரு தாயிடம் சொல்லிப் பேசி வாங்குங்கள். படுகு, பணியர் மொழி, மலையாளம், கன்னடம் என்று உங்கள் பள்ளிக்கு எது தேவையோ அது. கூடலூரில் வித்யோதயா பள்ளி பழங்குடி சமூகத்தைச் சேர்ந்தவர்களையே ஆசிரியர்களாக்கி, குழந்தையின் மொழிக்கு வகுப்பில் இடம் கொடுத்து நடத்திக் காட்டியிருக்கிறது. உங்களால் ஆசிரியரை நியமிக்க முடியாது. பேச ஒருவரைக் கண்டுபிடிக்க முடியும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவில் தோட்டத்துக்குப் புதிதாக வந்த குடும்பத்திலிருந்து ஒரு பெண்ணாவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

சரியாகப் போகிறதா இல்லையா என்பதை எப்படி அறிவது? அழுகையை வைத்து மட்டும் அளக்காதீர்கள். காலையில் பத்து நிமிடம் அழுதுவிட்டு, பிறகு சாப்பிட்டு, விளையாடி, மாலையில் சிரித்துக்கொண்டு போகும் குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓசையே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பாருங்கள். நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, சிறுநீர் கழிக்காமல் இருப்பது, மூன்றாம் வாரத்திலும் மதிய உணவைத் தொடாமல் வைப்பது, திங்கள்கிழமைதோறும் வயிற்றுவலி, வாரத்துக்கு இரண்டு நாள் விடுப்பு. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால், அன்று மாலையே பணியாளரைக் கேளுங்கள், வீட்டாரைக் கேளுங்கள்.

பேசாமல் இருப்பதில் இரண்டு வகை உண்டு. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை புது மொழி வகுப்பில் பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில், வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அவள் சொன்னதைச் செய்கிறாளா, அண்ணனோடு அவள் மொழியில் பேசுகிறாளா என்று பாருங்கள். பேசினால் காத்திருங்கள். அவள் மொழியில் கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது அந்தக் குழந்தையை முதலில் காட்டுங்கள். ‘மந்தம்’ என்ற சொல்லை அதற்கு முன் யாரும், எந்தப் பதிவேட்டிலும், எழுத வேண்டாம்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இருவர் நடத்தும் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். எமிஸ் பதிவு, சிற்றுண்டிக் கணக்கு, கூட்டங்கள். கூட்டிப் பாருங்கள்: ஏப்ரலில் மூன்று அரை மணி நேரம், ஆறு குழந்தைக்கு ஆறு பக்கம் எழுத ஒரு மணி நேரம், எடை போடும் இடத்தில் இரண்டு கால் மணி நேரம். மொத்தம் மூன்று மணி நேரம். ஜூனில் செய்யும் மாற்றத்துக்குக் கூடுதல் நேரமே இல்லை, இருக்கும் நேரத்தை வேறு விதமாகப் பயன்படுத்துவதுதான். ஆகஸ்டில் விட்டுவிட்டு வரும் ஒரு குழந்தையைத் தேடி லைன் லைனாக அலையும் நேரம் இதைவிட அதிகம். அதை நீங்கள் அனுபவத்தில் அறிவீர்கள்.

ஆகவே உங்களிடம் வேண்டுவது இவைதான். ஏப்ரலில் பால்வாடிக் குழந்தைகளுக்கு உங்கள் வாசலை மூன்று முறை திறந்துவிடுங்கள். பணியாளரைக் கேட்டு ஒரு குழந்தைக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். ஜூன் மாதத்தின் முதல் மூன்று வாரமும் மதியத்தில் பாய் விரியுங்கள். அம்மாக்களைப் பள்ளிக்கு அழைக்கும் முன் அவர்கள் நிற்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். இதற்கு உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு துறைகளிலிருந்தும் ஒரே உத்தரவு வருவதற்குள் இந்த ஆண்டுக் குழந்தைகள் மூன்றாம் வகுப்பு முடித்திருப்பார்கள். உங்கள் பள்ளிக்கு மிக அருகில் உள்ள அங்கன்வாடிப் பணியாளரின் எண்ணை இன்றே வாங்கி, வரும் ஜூனில் உங்களிடம் யார் யார் வருகிறார்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துக் குழந்தைகளின் நலம் நாடும் ஒருவர்